எனக்கு நானே அனுப்பின 63 மெயில்கள்



போன எபிசோட்டில் ஏஐ சாட்களுக்கு ஞாபகம் இல்லை என்ற கதை வந்தபோது, "நான் எனக்கே மெயில் போட்டு வைக்கிறனான்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கிழமை நிறையக் கேள்வி. என்ன மெயில், யாருக்கு, ஏன் நோட்ஸ் ஆப் இல்லை, இப்படி. ஒரு வரியில் சொல்ல ஏலாது, அதனால் இந்தக் கடிதம் முழுக்க அதுதான். நடுவில் நான் விட்ட ஒரு பெரிய பிழையும் வரும். உண்மையில் அதுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் வேலை என்னவென்று சொல்லுறன். அம்மாவின் அலுமாரியில் ஒரு சப்பாத்துப் பெட்டி. அதுக்குள் 19 கசெட். 1991 தொடக்கம் 1995 வரை அம்மம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து ஸ்காபரோவுக்கு அனுப்பினவை. அம்மம்மாவுக்குக் கடிதம் எழுதப் பொறுமை இல்லை, ஆனால் கதைக்க விட்டால் நிறுத்த மாட்டா. கசெட்டில் கதைத்து, கொழும்புக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிட்டு, அங்கிருந்து தபாலில் வரும். அம்மா அதைச் சமைக்கும்போது போட்டுக் கேட்பா என்று எனக்கு மங்கலாக ஞாபகம். அம்மம்மா இப்போது இல்லை. அந்தப் பெட்டியில் இருப்பதைத் தவிர அவவின் குரல் வேறு எங்கும் இல்லை.

ஜனவரியில் பழைய டெக் ஒன்றை 40 டொலருக்கு வாங்கினேன். ஒரு யூஎஸ்பி ஒலிக்கருவி ஏற்கெனவே இருந்தது. பதிவு செய்ய Audacity, பிறகு கோப்புகளைத் திருத்த ffmpeg. இந்த இரண்டும் எனக்குப் பெரிதாகத் தெரியாது. அதனால்தான் ஏஐ சாட்டின் உதவி. கிடைக்கிற நேரம் ஞாயிறு பின்னேரம் இரண்டு மணித்தியாலம் மட்டும். அதாவது வேலை நான்கைந்து மாதம் இழுக்கும், ஒவ்வொரு முறையும் ஒரு கிழமை இடைவெளி.

இங்கேதான் சிக்கல். புதுச் சாட் ஒன்றைத் திறந்தால் அதுக்குள் எதுவும் இல்லை, வெறுமை. சில ஆப்களில் "மெமரி" என்று ஒரு வசதி இருக்கு, ஆனால் அது எதை எடுத்து வைக்கும், எதை விடும் என்பது எங்கள் கையில் முழுதாக இல்லை. "அப்போ ஒரே சாட்டை நாலு மாதமும் ஓட்டலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். அதையும் செய்து பார்த்தேன். சாட் நீள நீள இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, ஒரு நேரத்தில் அது பார்க்கக்கூடிய எழுத்தின் அளவுக்கு ஒரு எல்லை இருக்கு. அந்த எல்லையை நெருங்கும்போது பழைய பகுதிகள் சுருக்கப்படும் அல்லது விடுபடும், எது விடுபட்டது என்று உங்களுக்குத் தெரியாது. இரண்டு, நீங்கள் முதல் நாள் பரிசோதித்துக் கைவிட்ட தவறான வழிகளும் அதுக்குள்ளேயே கிடக்கும், மூன்றாம் கிழமை திரும்பித் தலைகாட்டும்.

எனக்கு நடந்தது இதுதான். முதல் இரண்டு ஞாயிறும் 44100 ஹேர்ட்ஸில் பதிவு செய்தேன். மூன்றாம் ஞாயிறு புதுச் சாட், நான் அந்த எண்ணைச் சொல்ல மறந்துவிட்டேன், வந்த கட்டளைகளில் 48000 இருந்தது. இரண்டுமே சரியான எண்கள்தான், அதனால் எனக்கும் கண்ணில் படவில்லை. கோப்பின் பெயர்களும் மாறிவிட்டன. `k01_a.wav` என்று தொடங்கினது `tape3-sideB.wav` ஆகிவிட்டது. ஒரு பின்னேரம் முழுக்க அதைச் சரிபண்ணவே போய்விட்டது. அன்றைக்கு, ஜனவரி 26, இரவு படுக்கப் போகமுதல் எனக்கே ஒரு மெயில் போட்டேன். தலைப்பு: "கசெட் லாக்".

செய்முறையில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உங்கள் முகவரிக்கே ஒரு மெயில். அடுத்த முறை புது மெயில் எழுதாமல், கடைசி மெயிலைத் திறந்து ரிப்ளை. கீழே வருகிற பழைய மெயிலின் பிரதியை முழுதாக அழித்துவிட்டு, மேலே புதுக் குறிப்பை எழுதி அனுப்பு. அவ்வளவுதான். அந்தப் பிரதியை அழிக்கிறது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் விட்டுவிட்டால் இருபதாவது மெயிலுக்குள் பத்தொன்பது பழைய மெயிலும் இருக்கும். பிறகு சாட்டுக்குள் ஒட்டும்போது ஒரே விஷயம் பல தடவை போகும், எது புதிது எது பழையது என்று யாருக்கும் விளங்காது.

ஜிமெயில் பாவிக்கிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. தலைப்பை மாற்றினால் த்ரெட் உடைந்து புது த்ரெட் ஆகிவிடும், அதனால் தலைப்பில் கை வைக்காதீர்கள். 100 மெயிலைத் தாண்டினாலும் அது தானாக உடையும். நான் அந்த எண்ணிக்கை வரமுதலே வேலையை முடித்துவிட்டேன், உங்களுடையது நீளமென்றால் "கசெட் லாக் 2" என்று நீங்களே தொடங்கிவிடுவது நல்லது. முழுத் த்ரெட்டையும் ஒரே பக்கத்தில் பார்க்க, வலப்பக்க மேல் மூலையில் இருக்கிற பிரிண்டர் படத்தை அழுத்துங்கள். எல்லா மெயிலும் திகதியோடு வரிசையாக வரும். பிரிண்ட் பண்ணத் தேவையில்லை, அங்கிருந்து கொப்பி பண்ணலாம்.

மெயிலில் திகதி தானாக விழும். ஆனாலும் முதல் வரியில் நான் கையாலும் திகதி போடுகிறேன், ஏனென்றால் மெயிலின் உடலை மட்டும் கொப்பி பண்ணும்போது மேலே இருக்கிற திகதி கூட வராது. அதுவும் 2025-02-09 என்று வருடம் முதலில். 02/09 என்று எழுதினால் எனக்கு அது பெப்ரவரி, லண்டனில் இருக்கிற என் மச்சாளுக்கு அது செப்டம்பர். சாட்டுக்கு எதுவோ, யாருக்குத் தெரியும்.

சரி, ஏன் மெயில்? கூகிள் டொக் ஒன்றில் எழுதினால் இன்னும் வசதிதானே? வசதிதான். பிரச்சினையே அந்த வசதிதான். டொக்கில் பிழையைக் கண்டால் அந்த வரியை அழித்துச் சரியானதை எழுதுவோம். எப்போதும் சுத்தமாக இருக்கும், ஆனால் நேற்று நீ என்ன நினைத்தாய், எப்போது மனம் மாறியது, ஏன் மாறியது என்பது போய்விடும். பதிப்பு வரலாறு இருக்கு என்று சொல்லுவீர்கள். உண்மையாகச் சொல்லுங்கள், யார் அதைத் திறந்து பார்க்கிறது? அனுப்பின மெயிலைத் திருத்த ஏலாது. பிழை என்றால் "திருத்தம்" என்று இன்னொரு மெயில்தான் போடவேண்டும். பழையதும் இருக்கும், புதியதும் இருக்கும், இரண்டுக்கும் திகதி இருக்கும். ஆய்வுகூடக் குறிப்பேட்டில் பேனாவால் எழுது, அழிக்காதே, ஒரு கோடு போட்டு வெட்டு என்று சொல்லித் தருவார்களே, அதே விஷயம்.

என்னுடைய ஒரு மெயில் இப்படி இருக்கும்:

> 2025-02-09
> கசெட் 6, இரண்டு பக்கமும் பதிவு முடிஞ்சுது. 44100, 16 பிட், மோனோ.
> கோப்பு: `raw/k06_a.wav`, `raw/k06_b.wav`
> சரிவராதது: சத்தம் குறைக்கும் ஃபில்டர். கூடப் போட்டால் அம்மம்மாவின் "ச" கரையுது. விட்டுட்டன்.
> அடுத்தது: கசெட் 7. பக்கம் B-யில் ரேப் சுருக்கு இருக்கு, முதல்ல கையால சுத்திப் பார்.

நீளமில்லை. நான்கு விஷயம் இருந்தால் போதும்: இப்போது உண்மையில் என்ன நிலை, என்ன முடிவெடுத்தேன், எது சரிவரவில்லை, அடுத்தது என்ன. இதில் மூன்றாவதைத்தான் எல்லோரும் விடுவார்கள், ஆனால் புதுச் சாட்டுக்கு அதுதான் மிகவும் தேவை. சத்தம் குறைக்கும் ஃபில்டர் எனக்கு எத்தனை தரம் திரும்பத் திரும்ப முன்மொழியப்பட்டது தெரியுமா? கசெட் இரைச்சல் என்று எழுதினவுடனே யாரும் முதலில் சொல்லக்கூடிய யோசனை அது. "செய்து பார்த்தாயிற்று, இந்தக் காரணத்துக்காக விட்டாயிற்று" என்று ஒரு வரி லாக்கில் இருந்தால் அந்தச் சுற்று மிச்சம். பிழைச் செய்தி வந்தால் அதை உங்கள் சொல்லில் எழுதாமல் எழுத்துக்கு எழுத்து ஒட்டுங்கள். "ஏதோ கோடெக் எரர்" என்று எழுதினால் ஒரு மாதத்துக்குப் பிறகு அது யாருக்கும் உதவாது.

இனி அந்தப் பிழை.

கசெட் 4 கொழும்பில் பதிவானது. 1993-இல் அம்மம்மா பாஸ்போர்ட் விஷயமாக அங்கே ஒரு லொட்ஜில் நின்றபோது, அங்கே யாருடையதோ ரெக்கோர்டரை மின்சாரத்தில் போட்டுக் கதைத்தவ. அதைக் கேட்டபோது குரல் கொஞ்சம் கனமாக, இழுபட்டு இருந்தது. பின்னணியில் ஒரு ரீங்காரம். Audacity-யில் Analyze மெனுவுக்குள் Plot Spectrum என்று ஒன்று இருக்கு, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று படமாகக் காட்டும். Size என்பதை 65536 என்று வைத்தால் கீழ் அதிர்வெண்கள் தெளிவாகப் பிரியும். அதில் இரண்டு கூர்முனை தெரிந்தது. ஒன்று 60 ஹேர்ட்ஸ், மற்றது 48.

60 விளங்குகிறது. கனடாவின் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், அது என் வீட்டு வயர்களில் இருந்து நேரே பதிவுக்குள் நுழைந்தது. அந்த 48 எங்கே இருந்து? இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். லொட்ஜில் பதிவாகும்போது அந்த 50-உம் ரேப்பில் பதிவாகியிருக்கு, இப்போது அது 48 ஆகக் கேட்கிறது. அதாவது ரேப் பதிவானதைவிட 4 வீதம் மெதுவாக ஓடுகிறது. 32 வருடத்துக்கு முந்தைய கொழும்பு மின்சாரம் ஒரு அளவுகோலாக ரேப்பிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருக்கு என்று பார்த்தபோது எனக்குப் பெரிய சந்தோஷம். திருத்தம் சுலபம்: 44100-ஐ 50/48 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 45938.

```
ffmpeg -i raw/k04_a.wav -af "asetrate=45938,aresample=44100" fixed/k04_a.wav
```

இது வேகத்தையும் சுருதியையும் சேர்த்துக் கூட்டும், ரேப் செய்வது மாதிரியே. அது வரைக்கும் எல்லாம் சரி. அன்றைக்கு, பெப்ரவரி 2, நான் இரண்டு மெயில் போட்டேன். முதலாவது: "கசெட் 4: 48-லும் 60-லும் முனை." அரை மணித்தியாலம் கழித்து இரண்டாவது: "டெக் 4 வீதம் மெதுவாக ஓடுது. எல்லாக் கசெட்டுக்கும் 45938 போடவேணும்."

இந்த இரண்டு மெயிலுக்கும் நடுவில் ஒரு தாவல் இருக்கு, கண்டீர்களா? ரேப் மெதுவாகக் கேட்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். என் டெக் மெதுவாக ஓடலாம். அல்லது அன்றைக்கு லொட்ஜில் பதிவு செய்த ரெக்கோர்டர் வேகமாக ஓடியிருக்கலாம், வேகமாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் மெதுவாகத்தான் கேட்கும். முதலாவதென்றால் எல்லாக் கசெட்டுக்கும் திருத்தம் வேண்டும். இரண்டாவதென்றால் அந்த ஒரு கசெட்டுக்கு மட்டும். சாட்டில் வந்த ஊகம் டெக் பக்கம் சாய்ந்திருந்தது, பழைய டெக் என்று நான் எழுதியிருந்தபடியால் அது நியாயமான ஊகமும்கூட. நான் அதை ஊகம் என்று எழுதாமல் நடந்த விஷயம் மாதிரி லாக்கில் எழுதிவிட்டேன்.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் லாக்கைப் புதுச் சாட்டில் ஒட்டுவேன், ஒவ்வொரு முறையும் கட்டளைகள் 45938 என்ற எண்ணோடுதான் வரும். வராமல் என்ன? நான்தானே டெக் மெதுவென்று உண்மையாக எழுதிக் கொடுத்தேன். ஐந்து சாட்டும் ஒரே விஷயத்தை ஒத்துக்கொண்டமாதிரி எனக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் அது ஐந்து சாட்சி இல்லை. ஒரே மெயிலை ஐந்து தரம் வாசித்தது.

மார்ச் 2 ஆகும்போது 14 பக்கம் திருத்தி முடித்திருந்தேன். மார்ச் 9 அம்மாவுக்குக் கசெட் 7-ஐப் போட்டுக் காட்டினேன். அம்மா ஹெட்போனைப் போட்டு ஒரு நிமிஷம் கேட்டா. முகத்தில் நான் எதிர்பார்த்தது ஒன்றும் வரவில்லை.

"இது ஆர்?"

"என்னம்மா, அம்மம்மாதானே."

"கதை அம்மாட கதைதான். குரல் அம்மாட இல்லையே, பிள்ளை. அவசரப்பட்டுக் கதைக்கிற மாதிரிக் கிடக்கு. அம்மா அப்பிடிக் கதைக்கமாட்டா."

4 வீதம் என்றால் சுருதியில் ஒரு செமிடோனைவிடக் கொஞ்சம் குறைவு. தெரியாதவருடைய குரல் என்றால் யாருக்கும் பிடிபடாது. எனக்குப் பிடிபடவில்லை, அம்மம்மாவை நான் நேரில் பார்த்ததே இரண்டு தரம். அம்மாவுக்கு ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது.

அன்றைக்கு இரவே சோதித்தேன். முதலிலேயே செய்திருக்கவேண்டிய சோதனை, பத்து நிமிஷ வேலை. கடையில் விற்ற ஒரிஜினல் பாட்டுக் கசெட் ஒன்று அம்மாவிடம் இருந்தது. அதில் ஒரு பாட்டு சீடியில் 270 செக்கன். டெக் 4 வீதம் மெதுவென்றால் கசெட்டில் அது 281 செக்கன் எடுக்கவேண்டும். ஸ்டொப்வொச்சில் 271. டெக் சரியாகத்தான் ஓடுகிறது. லொட்ஜில் இருந்த ரெக்கோர்டர்தான் வேகம். கசெட் 4-இன் இரண்டு பக்கமும் சரியான திருத்தம், மற்ற 12 பக்கமும் பிழை.

என்னைக் காப்பாற்றினது இரண்டு விஷயம். ஒன்று, `raw` கோப்புறைக்குள் மூலப்பதிவுகளை நான் தொடவில்லை, திருத்தினதெல்லாம் `fixed` என்ற வேறு இடத்தில். 12 கோப்பை அழித்தவுடன் சேதம் முடிந்தது. மற்றது அந்த த்ரெட். எந்தத் திகதியில் பிழை உள்ளே வந்தது, அதுக்கு முதல் நான் உண்மையில் எதைக் கண்டேன், இரண்டும் அரை மணித்தியால இடைவெளியில் அப்படியே கிடந்தன. டொக்காக இருந்தால் முதல் வரியை இரண்டாவதோடு சேர்த்து "டெக் 4 வீதம் மெதுவு" என்று வடிவாகத் துப்புரவாக்கியிருப்பேன். 48 என்ற எண்ணே போயிருக்கும். அந்த எண் இல்லாமல், கசெட் 4-க்கு மட்டும் திருத்தம் தேவை என்றும் எனக்குத் தெரிந்திருக்காது.

அன்றையில் இருந்து லாக்கில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சொல் போடுகிறேன். கண்டது, ஊகம், முடிவு. கண்டது என்றால் நானே அளந்தது, கேட்டது, திரையில் பார்த்தது. ஊகம் என்றால் அது என்னுடையதோ சாட்டில் வந்ததோ, இன்னும் சோதிக்காதது. ஊகத்துக்குப் பக்கத்தில் அதை எப்படிச் சோதிக்கலாம் என்றும் எழுதுவேன். பெப்ரவரி 2 மெயில் இப்படி இருந்திருக்கவேண்டும்:

> கண்டது: கசெட் 4, பக்கம் A. 48-லும் 60-லும் முனை.
> ஊகம்: டெக் மெதுவு, இல்லாட்டி லொட்ஜ் ரெக்கோர்டர் வேகம். சோதனை: கடைக் கசெட் பாட்டின் நீளத்தைச் சீடியோட ஒப்பிடு.
> முடிவு: சோதிக்கும்வரை கசெட் 4-க்கு மட்டும் 45938.

இந்தச் சொற்கள் மாறாமல் ஒரே வடிவில் இருப்பதில் இன்னொரு லாபம். மெயில் தேடல் சொல்லை முழுதாகத்தான் பொருத்தும், தமிழில் "வேகம்" என்று தேடினால் "வேகத்தை" "வேகத்தில்" எல்லாம் அகப்படாது. அதனால் விஷயத்தையும் மாறாத ஒரு சொல்லாக முன்னால் போட்டுவிடுவேன், "வேகம்:" என்று. பிறகு `from:me to:me வேகம்` என்று தேடினால் எல்லாம் வரிசையாக வரும்.

இன்னொரு விஷயம். இருபது மெயில் தாண்டினால் முழுவதையும் ஒவ்வொரு முறையும் ஒட்டுவது சரிவராது. பழைய, திருத்தப்பட்ட விஷயங்களும் சேர்ந்து போகும். தமிழ் எழுத்து இங்கிலீஷைவிட அந்த எல்லையைக் கூடவும் சாப்பிடும். அதனால் பத்துப் பன்னிரண்டு மெயிலுக்கு ஒருமுறை "இதுவரை" என்று ஒரு மெயில் எழுதுகிறேன். இன்றைக்கு உண்மையாக இருப்பவை மட்டும், அரைப் பக்கம். புதுச் சாட்டில் கடைசி "இதுவரை"யையும் அதுக்குப் பிறகு வந்த மெயில்களையும் மட்டும் ஒட்டுவேன்.

இதைச் சாட்டைக் கொண்டு சுருக்கி எழுதிக்கலாமே என்று தோன்றும். நான் இரண்டு தரம் அப்படிச் செய்து பிறகு விட்டுவிட்டேன். சுருக்கம் வாசிக்க வடிவாக இருக்கும், ஆனால் "இல்லாட்டி", "ஒருவேளை", "பக்கம் A மட்டும்" போன்ற சொற்கள்தான் முதலில் காணாமல் போகும். சுருக்கத்தில் இருந்து இன்னொரு சுருக்கம் எடுத்தால் ஊகமெல்லாம் உண்மையாகிவிடும். என் பெப்ரவரி 2 பிழை அதே வகைதான், அதை நான் கையாலேயே செய்தேன் என்பது மட்டும் வித்தியாசம். "இதுவரை" எழுதும்போது பழைய "இதுவரை"யைப் பார்த்து எழுதாமல், நடுவில் இருக்கிற மெயில்களைத் திறந்து வாசித்து எழுதுங்கள். பதினைந்து நிமிஷம் போகும். அந்த பதினைந்து நிமிஷத்தில்தான் எனக்கு அரைவாசிப் பிழைகள் கண்ணில் பட்டன.

ஒட்டின பிறகு, வருகிற முதல் கட்டளையை ஓடவிடமுதல் வாசியுங்கள். 44100 இருக்கா, கோப்புப் பெயர் `k` இல் தொடங்குதா, எழுதுகிற இடம் `fixed` தானா. கட்டளையில் `-y` இருக்கா என்றும் பாருங்கள், அது இருந்தால் ffmpeg கேளாமலே பழைய கோப்பின் மேல் எழுதிவிடும். இந்த மூன்று நான்கில் ஒன்று பிசகினாலும் லாக் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அதே சாட்டில் மல்லுக்கட்டாமல் மூடிவிட்டுப் புதிதாக ஒட்டுவேன்.

லாக்கில் எதைப் போடக்கூடாது என்றும் ஒரு வார்த்தை. நீங்கள் ஒட்டுவது எல்லாம் இன்னொரு நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. பாஸ்வேர்ட் போடாதீர்கள், அது தெரிந்த விஷயம். எனக்குச் சிக்கலாக இருந்தது வேறு. கசெட்டுகளில் அம்மம்மா சொந்தக்காரரைப் பற்றி, அந்தக் காலத்தில் யார் எங்கே போனார்கள் என்பதைப் பற்றி எல்லாம் கதைக்கிறா. அது லாக்குக்குள் வரத் தேவையே இல்லை. கசெட் இலக்கம், பக்கம், நிமிஷம், ஒலியின் நிலை, அவ்வளவுதான் அங்கே. என்ன கதைத்தா என்பது ஒரு கொப்பியில் பேனாவால் எழுதப்பட்டு அம்மாவிடம் இருக்கு.

ஏப்ரல் கடைசியில் கசெட் 11-க்கு வந்தேன். பக்கம் A ஒழுங்கு. பக்கம் B-யில் குரல் மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தது, சில இடத்தில் பத்துச் செக்கனுக்குள் இரண்டு தரம். யாழ்ப்பாணத்தில் பதிந்தது, மின்சாரமே இல்லாத காலம், அதனால் பிடித்து அளக்க 50 ஹேர்ட்ஸ் ரீங்காரமும் இல்லை. பற்றரி இறங்கியிருந்தால் ரெக்கோர்டர் போகப் போக மெதுவாகும், அதை இன்றைக்குப் போட்டால் குரல் ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே போகவேண்டும். இது அப்படி இல்லை. லாக்கில் ஊகம் என்று மூன்று எழுதினேன், மூன்றும் சரிவரவில்லை. பிறகு அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். இந்த முறை அம்மா சிரித்தா.

த்ரெட்டின் 58-ஆவது மெயில்:

> 2025-04-27
> வேகம்: கசெட் 11, பக்கம் B.
> கண்டது: குரல் ஏறி இறங்குது, ஒழுங்கில்லை. ஒரே எண்ணால திருத்த ஏலாது.
> கண்டது (அம்மா சொன்னது): பற்றரி கிடைக்கேல்லை. சைக்கிள் டைனமோவில போட்டு எடுத்தது. மிதிச்சது சின்ன மாமா, அப்ப 13 வயசு, இடைக்கிடை களைச்சுப் போவாராம்.
> முடிவு: திருத்தம் இல்லை. அப்பிடியே விடுறது.
> அடுத்தது: கசெட் 12.